காய்ச்சலோடு ஒரு கால் மட்டும் சிவந்து வீங்கினால்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கம், கை வைத்தால் எலும்பு தட்டுப்படும் இடத்தில் தோல் சிவந்து வீங்குகிறது. தொட்டால் சுடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது. காலையில் உள்ளங்கை அகலம் இருந்தது, மாலைக்குள் நான்கு விரற்கடை மேலே ஏறிவிட்டது. கூடவே குளிர் நடுக்கி ஒரு காய்ச்சல். இந்த நான்கும் ஒரே காலில் சேர்ந்து வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது செல்லுலைட்டிஸ் என்ற நோயைத்தான். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய் இது. ஏன் அன்றைக்கே, நாளைக்கு ஏன் கூடாது என்பதைப் புரியவைக்கத்தான் இந்தக் கட்டுரை.

செல்லுலைட்டிஸ் என்பது தோலின் அடித்தட்டிலும் அதற்குக் கீழே இருக்கும் கொழுப்புப் படலத்திலும் பாக்டீரியா புகுந்து பக்கவாட்டில் பரவுவது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள், சில சமயம் ஸ்டாஃபிலோகாக்கஸ். நமக்குப் பழக்கமான கட்டிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கட்டி வந்தால் உடம்பு கிருமியைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பி, சீழை ஒரே இடத்தில் அடைத்து வைக்கிறது. அதனால்தான் "பழுக்கட்டும், உடைந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். செல்லுலைட்டிஸில் அந்தச் சுவர் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் திசுக்களை ஒட்டவைத்திருக்கும் பொருள்களைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, தனக்கு வழி செய்துகொண்டு போகிறது. பழுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பழுக்கட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது பரவுவதற்குக் கிடைக்கும் நேரம்தான்.

நம் தோலில் இது எப்படித் தெரியும்

மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கால்கள். அதில் செக்கச் செவேல் என்று இருக்கும். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அந்தச் சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். நம் காலில் அது சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் கருத்து, ஊதாவோ செம்பழுப்போ கலந்த ஒரு நிறமாகத்தான் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. "சிவப்பு ஒன்றும் இல்லையே, வெறும் வீக்கம்தானே" என்று ஒரு நாள் போய்விடுவது இதனால்தான்.

ஆகவே கண்ணைவிடக் கையை நம்பலாம். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி உட்காரச் சொல்லுங்கள். புறங்கையை, அதாவது விரல்களின் பின்பக்கத்தை, நல்ல காலின் முன் எலும்பில் ஒரு நொடி வையுங்கள். உடனே அதே உயரத்தில் மற்ற காலில் வையுங்கள். செல்லுலைட்டிஸ் என்றால் அந்தச் சூட்டின் வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். அப்படியே மேலே நகர்த்திக்கொண்டு போனால் சூடு எங்கே முடிகிறது என்பதும் பிடிபடும். நோயின் எல்லை அதுதான். வெளிச்சமான ஜன்னலோரத்தில் சாய்வாகப் பார்த்தால் தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளப்பதும், வீக்கத்தில் மயிர்க்கால்கள் உள்வாங்கி ஆரஞ்சுப் பழத்தோல்போல் சிறு குழிகள் விழுந்திருப்பதும் தெரியலாம். சிலருக்கு நீர்க்கொப்புளமும் எழும்பும்.

இன்னொரு அடையாளம் தொடை இடுக்கில் இருக்கிறது. "நெறி கட்டியிருக்கிறது" என்று சொல்வோமே, அதுதான். காலிலிருந்து வரும் நிணநீர் அங்கே இருக்கும் முடிச்சுகள் வழியாகத்தான் போகிறது. கிருமியும் அந்த வழியில் வருவதால் முடிச்சு வீங்கி வலிக்கிறது. சிலருக்குக் காலில் எதுவும் தெரிவதற்கு முன்பே நெறி கட்டிவிடும்.

காய்ச்சலும் அப்படித்தான். பலருக்குக் காலில் மாற்றம் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே குளிரும் நடுக்கமும் வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் யாரும் காலைப் பார்ப்பதில்லை. வைரஸ் காய்ச்சல், டெங்கு என்று யோசிப்பார்கள். திடீரென்று குளிர்காய்ச்சல் வந்து, இருமல் இல்லை, சளி இல்லை, சிறுநீர் எரிச்சல் இல்லை என்றால், வேட்டியையோ சேலையையோ கொஞ்சம் தூக்கி இரண்டு கால்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும், ஏற்கெனவே கால் வீக்கம் உள்ளவர்களுக்கும். அதேபோல் எல்லோருக்கும் காய்ச்சல் வரும் என்றும் இல்லை. வயதானவர்கள் சிலருக்குக் காலில் நோய் மட்டும் பரவிக்கொண்டிருக்கும், உடம்பு சுடாது. காய்ச்சல் இல்லை என்பதை வைத்துக் காலை விட்டுவிடக் கூடாது.

கிருமி எங்கிருந்து வந்தது

"எங்கேயும் அடிபடவில்லையே, முள்கூடக் குத்தவில்லையே" என்பார்கள். உண்மைதான். கிருமி நுழைந்த வாசல், வீங்கிய அந்த முன் எலும்புப் பக்கம் இருக்காது. அது பெரும்பாலும் கால் விரல் இடுக்கில், அதுவும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கும். அங்கே தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, நடுவில் மெல்லிசாக ஒரு கீறல். நம் ஊரில் சேற்றுப்புண் என்போம். அது பூஞ்சையால் வருவது, அதனால் மட்டும் காய்ச்சல் வராது. ஆனால் பூஞ்சை திறந்துவைத்த அந்தக் கீறல் வழியாகத்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உள்ளே போகிறது. குதிகாலின் பித்தவெடிப்பு, சொறிந்த கொசுக்கடி, செருப்பு கடித்த இடம் ஆகியவையும் வாசல்தான். ஆனால் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் விரல் இடுக்கு.

அங்கே நுழைந்த கிருமி நிணநீர் ஓட்டத்தோடு மேலே ஏறி, கணைக்காலின் தோலடியில் தங்கிப் பெருகுகிறது. காலில் நிணநீர் கீழிருந்து மேலே போக வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சிரை வீக்கம் உள்ளவர்கள், யானைக்கால் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த ஓட்டம் மந்தமாக இருப்பதால் கிருமியை அடித்து வெளியேற்ற உடம்புக்குச் சிரமம். அதனால்தான் அவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

ஒருவருடைய மூன்று நாட்கள்

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹோட்டலில் பாத்திரம் கழுவும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 54, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். நாள் முழுக்கக் கால் ஈரத்தில். விரல் இடுக்கில் சேற்றுப்புண் மாதக்கணக்கில் இருக்கிறது, அரிக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தவருக்குத் திடீரென்று பல் கிட்டும் அளவுக்குக் குளிர். போர்வை போர்த்திப் படுத்தார். காய்ச்சல் 102 டிகிரி. பாரசிட்டமால் போட்டதும் வியர்த்து இறங்கியது. மாலையில் வலது தொடை இடுக்கில் வலி. இரவு படுக்கும்போது வலது காலின் முன்பக்கம் சேலை உரசினாலே வலித்தது. திங்கள் காலை பார்த்தால் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே ஆரம்பித்துக் கெண்டைச்சதையின் பாதி உயரம் வரை வீங்கிச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அன்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் என்ன நடக்கும்? மருத்துவர் முதலில் பார்ப்பது காலை அல்ல, ஆளை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம், பேச்சில் தெளிவு. அவை சரியாக இருந்தால்தான் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்ப முடியும். அப்புறம் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுத் தொட்டுப் பார்ப்பார், தொடை இடுக்கை அழுத்துவார், விரல் இடுக்குகளை விரித்துப் பார்ப்பார். "இந்தப் புண்ணு எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்பார். கையோடு சர்க்கரை பார்ப்பார். தொற்று வந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் தொற்று அடங்காது. இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

செல்லுலைட்டிஸை உறுதிப்படுத்தத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. தோலடியில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு, வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அவை சுரக்கும் நச்சும் அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினையும். அதனால் ரத்தத்தை வளர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கிருமி கிடைக்காது. கண்ணும் கையும் கேள்வியும்தான் பரிசோதனை. "ஒரு டெஸ்ட்கூட எடுக்காமல் மருந்து எழுதிவிட்டார்" என்று இதில் குறைப்பட வேண்டியதில்லை.

சரி, அந்தப் பெண்ணுக்குச் செஃபலெக்சின் போன்ற ஒரு மாத்திரையோ, அமாக்ஸிசிலின் சேர்ந்த ஒன்றோ தருவார். பென்சிலினும் அதன் உறவினரான மருந்துகளும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. முன்னால் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வேறு மருந்து இருக்கிறது. எவ்வளவு, எத்தனை வேளை என்பது சிறுநீரகம், எடை, மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வது. சிக்கல் இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் போதும். பிறகு ஒரு பால்பாயிண்ட் பேனாவால் சூடும் நிறமும் முடியும் எல்லையைச் சுற்றித் தோலிலேயே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுவார். "நாளைக்கோ மறுநாளோ வந்து காட்டுங்க" என்பார்.

இன்னொரு பாதை இப்படி. லீவு போட்டால் சம்பளம் போகும் என்று திங்கள்கிழமை வேலைக்குப் போகிறார். மாலை மருந்துக் கடையில் சொல்லி வலி மாத்திரையும், மூன்று நாளைக்கு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கும் வாங்குகிறார். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று எது கிடைக்கிறதோ அது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இவை முதல் தேர்வு அல்ல, கிருமி அடங்காமலே போகலாம். வலி மாத்திரையோ டைக்ளோஃபினாக் ஊசியோ காய்ச்சலையும் வலியையும் மட்டும் மறைக்கும். நோய் உள்ளே ஏறுவது வெளியே தெரியாது. சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது வேறு பாரம். செவ்வாய் கொப்புளம், புதன்கிழமை முழங்காலைத் தாண்டிய வீக்கம், சாப்பிட முடியாத வாந்தி, 300-ஐத் தாண்டிய சர்க்கரை. இப்போது மாத்திரை போதாது. அட்மிட் ஆகி, நரம்பு வழியாக மருந்து, ஒரு வாரமோ பத்து நாளோ படுக்கை. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திங்கள் காலையில் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல எந்த வழியும் இல்லை.

நேரம் ஏன் இத்தனை முக்கியம்

கிருமிகள் தமக்கு வசதியான சூழலில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியவை. உடம்புக்குள் எதிர்ப்பு இருப்பதால் அந்த வேகம் இருக்காது என்றாலும், ஒரு ராத்திரி என்பது அவற்றுக்கு நீண்ட காலம். ரத்தத்தில் கலந்துவிட்டால் உடம்பு முழுக்கப் பாதிக்கும் செப்சிஸ் வரும். அது உயிருக்கு ஆபத்து. இது பலரும் கேள்விப்பட்ட காரணம்.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு முறை செல்லுலைட்டிஸ் வரும்போதும் தோலடியில் இருக்கும் மெல்லிய நிணநீர்க் குழாய்கள் அழற்சியில் சேதமாகின்றன. நோய் எத்தனை தூரம் பரவியதோ, எத்தனை நாள் இருந்ததோ, அவ்வளவு சேதம். காய்ச்சல் போய்விடும், சிவப்பு போய்விடும், ஆனால் மாலையானால் கால் கொஞ்சம் கனக்கும். செருப்பின் வார் அழுந்திய தடம் போகாது. நிணநீர் சரியாக வடியாத அந்தக் காலில் அடுத்த கிருமி சுலபமாகத் தங்கும். மறுபடி நோய், மறுபடி சேதம், இன்னும் வீக்கம்.

இந்தச் சுழற்சியின் கடைசிக் கட்டத்தை நம் ஊரில் யானைக்கால் நோயாளிகளிடம் பார்க்கலாம். கொசு பரப்பும் ஃபைலேரியா புழு அவர்களுடைய நிணநீர்க் குழாய்களை முதலில் கெடுக்கிறது. ஆனால் வருடா வருடம் கால் பெருத்துக்கொண்டே போவதற்கு முக்கியக் காரணம், அடிக்கடி வரும் அந்தக் குளிர்காய்ச்சலும் கால் சிவந்து வீங்குவதும்தான். அது பாக்டீரியாவின் வேலை, வாசல் அதே விரல் இடுக்கு. அதனால் புழுவுக்கு மாத்திரை கொடுப்பதோடு, தினமும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்தச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த எளிய வேலையே காய்ச்சல் வரும் தடவைகளைக் குறைக்கிறது.

மருந்து தொடங்கிய பிறகு

முதல் இரண்டு நாட்கள் பயமுறுத்தும். மாத்திரை போட்ட மறுநாள் காலை பார்த்தால் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்திருக்கும். உடனே மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்குப் போய் வேறு மாத்திரை வாங்கிவிடுவார்கள். கிருமி சாகும்போது வெளியேறும் பொருள்களுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையால் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் சிவப்பு கொஞ்சம் பரவுவது உண்டு. ஆகவே கோட்டை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இறங்குகிறதா, பசிக்கிறதா, வலி குறைகிறதா, எழுந்து பேசத் தோன்றுகிறதா? இவை சரியாகிக்கொண்டு வந்தால் கோடு கொஞ்சம் தாண்டியிருந்தாலும் பொறுக்கலாம். காய்ச்சல் அப்படியே இருந்து, கோடும் தாண்டிக்கொண்டே போனால், அல்லது ஆள் சோர்ந்துகொண்டே போனால், மறுபடி காட்ட வேண்டும். சொன்ன நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியதில் பாதி மருந்து என்றால், மீதி காலைத் தூக்கி வைப்பது. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் நீட்டினால் போதாது. படுத்துக்கொண்டு, கெண்டைச்சதைக்கும் குதிகாலுக்கும் கீழே இரண்டு மூன்று தலையணை வைத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்க வேண்டும். வீக்கம் அப்போதுதான் வடியும், வலியும் அதனாலேயே பாதி குறையும். எழுந்து கழிப்பறைக்குப் போகலாம், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். நின்று சமைப்பது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது வேண்டாம்.

ஒத்தடம் வேண்டாம். நீவிவிட வேண்டாம். சுண்ணாம்பும் மஞ்சளும், பச்சிலைப் பற்றும் போட வேண்டாம். மேலே பூசுவது அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது. அதைவிட மோசம், நிறம் மாறிய தோலில் எது நோய், எது மஞ்சள் என்று பார்க்க முடியாமல் போய்விடும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒத்தடத்தில் தீக்காயமே பட்டுவிடும். கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு தோலின் எதிர்ப்பைக் குறைக்கும், அதுவும் வேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாள் நிறம் மங்கி, வீங்கிய தோல் சுருங்கி வரி விழும். ஒரு வாரத்தில் மேல்தோல் உரியும். மருந்து முடிந்த பிறகும் கருத்த நிறமும் லேசான வீக்கமும் சில வாரம் இருக்கும். அது தொற்று மிச்சமிருப்பதால் அல்ல. சூடும் வலியும் திரும்பாத வரை பயப்பட வேண்டியதில்லை.

நாளை அல்ல, இப்போதே

அன்றைக்கே போக வேண்டும் என்றேன். சில அறிகுறிகளுக்கு அன்றைக்கே என்பதும் போதாது, ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். முதலாவது, பார்வைக்குக் கொஞ்சம்தான் தெரிகிறது, ஆனால் வலி தாங்க முடியவில்லை என்பது. சிவப்பில்லாத இடத்திலும் வலி, மணிக்கணக்கில் எல்லை நகர்வது, தோல் கருநீலமாவது, ரத்தம் கலந்த கொப்புளம், அழுத்தினால் நறநறவென்று காற்று இருப்பதுபோல் தோன்றுவது, வலித்த இடம் திடீரென்று மரத்துப்போவது. இவையெல்லாம் கிருமி இன்னும் ஆழத்தில், தசையை மூடிய உறையில் இறங்கித் திசுவை அழுகச்செய்வதன் அடையாளங்கள். இதற்கு மருந்து மட்டும் போதாது, அறுவை சிகிச்சையில் அழுகிய பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். வலித்த கால் மரத்துவிட்டால் "வலி குறைந்துவிட்டது" என்று நிம்மதியடைவதுதான் இதில் நடக்கும் கொடுமை.

இரண்டாவது, ஆளின் நிலை. பேச்சுக் குழறல், மாறிப் பேசுவது, மூச்சு வாங்குவது, கை கால் சில்லிட்டுப்போவது, நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகாதது. தொற்று ரத்தத்தில் இறங்கியிருக்கலாம்.

கால் வீங்கியதெல்லாம் செல்லுலைட்டிஸ் அல்ல

அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், செல்லுலைட்டிஸ் என்று சொல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு உண்மையில் வேறு பிரச்சினைதான் இருந்தது. மருத்துவர்களுக்கே அப்படி என்றால் நாம் வீட்டில் முடிவு கட்டுவது எப்படி?

பெரிய குழப்பம் சிரை வீக்கம் உண்டாக்கும் தோல் அழற்சியால் வருவது. வருடக்கணக்கில் சிரை வீங்கியவர்களுக்கு இரண்டு கணைக்கால்களும் பழுப்பாகி, செதில் விட்டு, அரிக்கும். காய்ச்சல் இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டு கால்களிலும் செல்லுலைட்டிஸ் வருவது அபூர்வம். அரிப்புதான் முக்கியத் தொல்லை, வலி அல்ல என்றால் அதுவும் செல்லுலைட்டிஸுக்கு எதிரான சாட்சி.

ஆபத்தான குழப்பம் ஆழ்சிரையில் ரத்தம் உறைவது. ஒரே கால், பெரும்பாலும் கெண்டைச்சதைப் பக்கம் வீங்கி வலிக்கும். குளிர்காய்ச்சல் வழக்கமாக இருக்காது. அறுவை சிகிச்சைக்குப் பின்னோ, பிரசவத்துக்குப் பின்னோ, பல நாள் படுக்கையில் கிடந்த பின்னோ வந்தால் சந்தேகம் அதிகம். டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்பதால் இதற்கும் அன்றைக்கே போகத்தான் வேண்டும். அதனால் வீட்டில் உட்கார்ந்து இதுவா அதுவா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் இல்லை. ஒரு கால் திடீரென்று வீங்கிச் சுட்டால் எதுவாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டியதுதான்.

மறுபடி வராமல் இருக்க

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், அதே காலில். அந்த ஹோட்டல் பெண்ணுக்கு மாத்திரையோடு விரல் இடுக்குக்கு ஒரு பூஞ்சைக் களிம்பும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் அரிப்பு நின்றதும் அதை நிறுத்திவிடுவார்கள். கண்ணுக்குத் தோல் சரியான பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை பூச வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை திரும்பும், கீறலும் திரும்பும். வேலை முடிந்து வந்ததும் சோப்பில் கால் கழுவி, பருத்தித் துணியின் நுனியை ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து ஈரம் ஒற்றி எடுத்து, அதற்கு மேல் களிம்பு. பித்தவெடிப்புக்கு இரவில் வாஸ்லைன், ஆனால் விரல் இடுக்கில் அது கூடாது, ஈரம் தங்கிவிடும். தண்ணீரில் நிற்கும் வேலை என்றால் உள்ளே ஈரம் புகாத ரப்பர் பூட்ஸ், நடுவில் ஒருமுறை கழற்றித் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு.

இத்தனைக்குப் பிறகும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்த அளவு பென்சிலினைத் தொடர்ந்து கொடுக்கும் வழி ஒன்று உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 12 மாதம் தினமும் இரண்டு வேளை 250 மில்லிகிராம் பென்சிலின் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட காலத்தில் அவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி வந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு வந்தது. மருந்தை நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பு மெல்லக் குறைந்துவிட்டது. கால் வீக்கம் அதிகம் உள்ளவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் பலன் குறைவு. நம் ஊரில் தினசரி மாத்திரைக்குப் பதிலாக மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தின் பென்சிலின் ஊசி போடுவதும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி அடிக்கடி வருகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் அந்தத் தடவைக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வராமல், இதுவரை எத்தனை முறை வந்தது என்று தேதிகளோடு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.